நாலு சதவீதமும் ஒன்றரை நிமிடமும்

காக்களூர் சிட்கோவில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன மாதம் திடீரென்று போன் செய்தார். பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால் 'அண்ணா' என்றே எழுதுகிறேன். புதிதாக யூடியூப் சேனல் ஆரம்பித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மிஷின் ஓடாத நேரத்தில் ஒரு ஸ்டாண்டில் போனை மாட்டி, ஐ.டி.ஐ. முடித்து வரும் பசங்களுக்குச் சொல்லித்தருவது போலவே பேசி எடுத்த வீடியோக்கள். முதல் வீடியோ, லேத்தில் மரை வெட்டுவது எப்படி என்பது. 11 நிமிடம் 40 நொடி.

"தம்பி, யூடியூப்காரனுக்குக் கணக்கே தெரியலபா. 3,000 பேருக்குக் காட்டினேன்னு போடறான். 412 வியூஸ்னு அவனே போடறான். அப்ப எவ்ளோ? பதிமூணு, பதினாலு சதவீதம் வரணுமா வேணாமா? ஆனா நாலு சதவீதம்னு காட்றான். கணக்கு இடிக்குது."

இடிக்கத்தான் செய்கிறது. 412-ஐ 3,000-ஆல் வகுத்தால் 13.7 வரும். ஸ்டுடியோவில் 4.0 என்றுதான் இருந்தது. படிக்க வசதியாக இந்தக் கட்டுரையில் எல்லா எண்களையும் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன், விகிதங்கள் மாறவில்லை.

அவருக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. "சராசரியா ஒன்றரை நிமிஷம்தான் பாத்திருக்கானுங்க. பன்னெண்டு நிமிஷ வீடியோல ஒன்றரை நிமிஷம். இத டெலீட் பண்ணிட்டு ரெண்டு நிமிஷத்துல எல்லாத்தையும் சொல்லி வேற போட்டுடலாம்னு இருக்கேன்."

டெலீட் என்ற வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்குப் பதறியது. "அண்ணா, ஞாயித்துக்கிழமை நேர்ல வரேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க" என்று சொல்லி வைத்தேன். அன்று பட்டறையில் டீ குடித்துக்கொண்டே அவருக்கு விளக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக சேனல் தொடங்கும் பலரும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில் அந்த இரண்டு எண்களும் எதை அளக்கின்றன என்று பார்ப்போம்.

ஸ்டுடியோவில் Impressions click-through rate என்று ஒரு எண் இருக்கும். எல்லோரும் சுருக்கமாக சி.டி.ஆர். என்பார்கள். உங்கள் வீடியோவின் தம்ப்நெயில் ஒருவர் திரையில் வந்து, அதில் குறைந்தது பாதியாவது தெரிந்து, ஒரு நொடிக்கு மேல் நின்றால் அது ஒரு இம்ப்ரெஷன். அப்படி நூறு முறை கண்ணில் பட்டதில் எத்தனை முறை தொட்டுத் திறந்தார்கள் என்பதுதான் சி.டி.ஆர். பஜாரில் கடை போர்டைப் பார்த்தபடி நடந்து போகிறவர்களில் எத்தனை பேர் படியேறி உள்ளே வந்தார்கள் என்கிற கணக்கு மாதிரி.

இன்னொன்று Average view duration. உள்ளே வந்தவர்கள் சராசரியாக எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பது. மொத்தம் பார்க்கப்பட்ட நேரத்தை மொத்த வியூஸால் வகுத்தால் கிடைப்பது.

இதுவரை எல்லோரும் சொல்வதுதான். கோளாறு இருப்பது கீழே, வகுக்கும் எண்ணில். சி.டி.ஆருக்கு வகுக்கும் எண் இம்ப்ரெஷன். அதிலும் யூடியூபுக்கு உள்ளே, அதாவது ஹோம் பக்கம், தேடல், 'அடுத்து பார்க்க' என்று பக்கத்தில் வரும் பரிந்துரைகள், சந்தாதாரர் ஃபீட் போன்ற இடங்களில் தம்ப்நெயில் தெரிந்தால்தான் கணக்கு. வாட்ஸ்அப்பில் நீங்கள் போட்ட லிங்க், வேறு இணையதளத்தில் ஒட்டிய வீடியோ, போனில் வரும் நோட்டிஃபிகேஷன், இன்னொரு வீடியோவின் முடிவில் வரும் எண்ட் ஸ்க்ரீன் இவையெல்லாம் இம்ப்ரெஷனில் சேராது. அந்த வழியாக வந்து திறந்தவர்களும் சி.டி.ஆரில் சேர மாட்டார்கள்.

ஆனால் சராசரி பார்வை நேரத்துக்கு வகுக்கும் எண் மொத்த வியூஸ். அங்கே வாட்ஸ்அப்காரரும் உண்டு, தேடி வந்தவரும் உண்டு, எல்லோரும் உண்டு.

அதாவது ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கும் இந்த இரண்டு எண்களும் ஒரே கூட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. பெரிய சேனல்களில் இந்த வித்தியாசம் அவ்வளவு உறுத்தாது, ஏனென்றால் அவர்களுக்கு வியூஸில் பெரும்பகுதி யூடியூபுக்குள்ளிருந்தே வரும். புது சேனலுக்கு அப்படி இல்லை. முதல் வாரத்தில் பார்ப்பவர் பாதிக்கு மேல் நம் சொந்தக்காரர், நண்பர், குரூப் ஆட்கள்தானே.

"அண்ணா, வீடியோவ எங்கெல்லாம் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"எஸ்டேட் குரூப்ல போட்டேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல நம்ம பசங்க இருக்கானுங்க, அந்த குரூப்ல போட்டேன். அப்புறம் நம்ம குலதெய்வம் கோயில் குரூப்."

கோயில் குரூப்பில் மரை வெட்டும் வீடியோ! சரி, பாசத்தில் திறந்து பார்த்திருப்பார்கள்.

இனி அவருடைய வீடியோவைப் பிரித்துப் பார்ப்போம். 3,000 இம்ப்ரெஷனில் 4 சதவீதம் என்றால் 120 வியூஸ். அவ்வளவுதான் யூடியூப் காட்டி வந்தவர்கள். மீதி 292 வியூஸ் லிங்க் வழியாக. வீடியோவின் அனலிட்டிக்ஸில் Traffic source என்ற இடத்தைத் திறந்தால் External என்ற வரியில் அந்தக் கூட்டம் தனியாக உட்கார்ந்திருக்கிறது. அதே அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் சராசரி பார்வை நேரமும் தனித்தனியாகத் தெரியும். லிங்க் வழியாக வந்த 292 பேர் சராசரியாக 35 நொடி. யூடியூப் காட்டி வந்த 120 பேர் சராசரியாக 3 நிமிடம் 50 நொடி, அதாவது 230 நொடி.

அண்ணன் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பேனாவால் போட்டுப் பார்த்தார்.

```
லிங்க் வழி      : 292 × 35  = 10,220 நொடி
யூடியூப் வழி    : 120 × 230 = 27,600 நொடி
மொத்தம்        : 37,820 நொடி
சராசரி         : 37,820 ÷ 412 = சுமார் 92 நொடி (1:32)
```

அவரை வருத்தப்பட வைத்த ஒன்றரை நிமிடம் இதுதான். அப்படி ஒன்றரை நிமிடம் பார்த்தவர் என்று யாரையும் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஒரு கூட்டம் அரை நிமிடத்தில் போய்விட்டது. இன்னொரு கூட்டம் கிட்டத்தட்ட நாலு நிமிடம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கினால் வரும் வெதுவெதுப்புதான் 1:32.

அண்ணன் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்தார். "அப்ப தெரியாத பசங்கதான் ஒழுங்கா பாத்திருக்கானுங்களா?"

ஆமாம். 412 பேரில் 120 பேர் தந்த நேரம் ஏழரை மணிக்கு மேல். மற்ற 292 பேர் சேர்ந்து தந்தது மூன்று மணி நேரம்கூட இல்லை. இதில் குரூப் ஆட்கள் மீது தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஷிஃப்ட் நடுவில் லிங்க் வருகிறது, நம்மாள் போட்டிருக்கிறார் என்று திறக்கிறார்கள், ஒரு லைக் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அதில் பாதிப் பேருக்கு மரை வெட்ட ஏற்கெனவே தெரியும். மீதிப் பேருக்கு அது தேவையே இல்லை.

டெலீட் செய்திருந்தால் இன்னொரு இழப்பும் வந்திருக்கும். விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரர்களும், கடந்த 365 நாளில் 4,000 மணி நேரப் பொதுப் பார்வையும் வேண்டும். (ஷார்ட்ஸ் வழியில் போவதென்றால் 90 நாளில் 1 கோடி வியூஸ், அது வேறு கதை.) அழித்த வீடியோ, பிரைவேட் ஆக்கிய வீடியோ, அன்லிஸ்டட் ஆக்கிய வீடியோ இவற்றின் மணி நேரம் அந்த 4,000-இல் சேராது. அண்ணன் அழிக்கப் பார்த்தது பத்தரை மணி நேரம் சேர்த்திருந்த, தேடலில் தானாக ஆட்களை இழுத்துவந்துகொண்டிருந்த ஒரே வீடியோவை.

இதெல்லாம் சொல்லி முடித்ததும் அவர் சி.டி.ஆருக்குத் தாவினார். "சரி, நாலு சதவீதம் நல்லதா கெட்டதா?"

யூடியூபின் உதவிப் பக்கத்தில் இருக்கும் தகவல் ஒன்று உண்டு: பாதி சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் சி.டி.ஆர். 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கும். ஒரு வாரம்கூட ஆகாத வீடியோ, 100 வியூஸ் தாண்டாத வீடியோ என்றால் இன்னும் கண்டபடி ஆடும் என்றும் சொல்கிறார்கள். ஆக 4 என்பது ஊர் நடுவில் இருக்கும் வீடு. ஆனால் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு அடுத்த சேனல்காரரோடு ஒப்பிடுவது வீண். யாருக்குக் காட்டினார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

'லேத் மரை வெட்டுவது எப்படி' என்று தேடுகிறவன் முன்னால் இந்தத் தம்ப்நெயில் வந்தால் திறக்க வாய்ப்பு அதிகம். அவன் தேடியதே அதுதானே. அதே தம்ப்நெயில் சினிமா டிரெய்லருக்கும் சமையல் வீடியோவுக்கும் நடுவில் ஒருவரின் ஹோம் பக்கத்தில் வந்தால் பெரும்பாலோர் தள்ளிவிட்டுப் போவார்கள். போர்டு ஒன்றுதான், மாட்டிய தெரு வேறு.

இதனால்தான் சி.டி.ஆர். இறங்குவது பல நேரம் நல்ல செய்தியாக இருக்கும். நான் போன அந்த ஞாயிற்றுக்குள்ளேயே அண்ணனுக்கு அது நடந்திருந்தது. இரண்டாவது வாரத்தில் இம்ப்ரெஷன் 28,000 ஆகிவிட்டது, சி.டி.ஆர். 2.6-க்கு இறங்கிவிட்டது. அவர் கண்ணுக்கு இறங்கியது மட்டும்தான் தெரிந்தது. 28,000-இல் 2.6 சதவீதம் என்றால் 728 வியூஸ். முன்பு 120. புதிதாக வந்த 25,000 இம்ப்ரெஷனும் ஹோம் பக்கத்தில், அவரைப் பற்றி எதுவுமே தெரியாதவர்கள் முன்னால் வந்தவை. அங்கே சதவீதம் குறையத்தான் செய்யும். இம்ப்ரெஷன் அப்படியே இருந்து சி.டி.ஆர். மட்டும் இறங்கினால்தான் தம்ப்நெயிலையும் தலைப்பையும் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. இரண்டாவது வீடியோவுக்கு மூன்று நாளில் மூன்று தம்ப்நெயில் மாற்றியிருந்தார். ஒருநாள் 4 சதவீதம், மறுநாள் 3, அடுத்த நாள் 5 என்று ஆடியதுதான் காரணம். அந்த நாட்களில் தினம் 400 இம்ப்ரெஷன்தான். 400-இல் 4 சதவீதம் என்றால் 16 பேர். இவ்வளவு சின்ன எண்ணிக்கை தற்செயலாகவே எவ்வளவு ஆடும் என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. அந்த எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து இரண்டால் பெருக்குங்கள். 16-இன் வர்க்கமூலம் 4, இரண்டு மடங்கு 8. ஆக 16 என்பது 8 முதல் 24 வரை எதுவாகவும் வந்திருக்கலாம். சதவீதத்தில் 2 முதல் 6. இந்த ஆட்டத்துக்குள் 3-க்கும் 5-க்கும் அர்த்தம் தேடுவது, மைக்ரோமீட்டர் எடுக்க வேண்டிய இடத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளப்பது போல. இதை மட்டும் அண்ணன் சட்டென்று பிடித்துக்கொண்டார். "லீஸ்ட் கவுண்ட்டே இல்லாம அளந்துட்டிருந்தேன்னு சொல்ற."

சரி, இப்போது முக்கியமான இடம். இந்த இரண்டில் எதற்காக உழைப்பது?

அண்ணனின் மச்சான் பையன் ஒருவன் எடிட்டிங் கற்றுக்கொண்டவன். அவன் மூன்றாவது வீடியோவுக்குத் தம்ப்நெயில் செய்துகொடுத்திருந்தான். உடைந்து பறக்கும் டிரில் பிட், சிவப்பு அம்புக்குறி, 'உயிரே போயிருக்கும்!' என்று பெரிய எழுத்து. வீடியோவில் அப்படி எதுவும் நடக்கவில்லை. டிரில் பிட் தீட்டுவதைப் பற்றிய அமைதியான வீடியோ அது. 118 டிகிரி முனைக் கோணத்தை எப்படி இரண்டு பக்கமும் சமமாக எடுப்பது என்று பொறுமையாகச் சொல்லியிருந்தார். சி.டி.ஆர். 9 சதவீதம் எகிறியது. வந்தவர்கள் விபத்தைத் தேடினார்கள், கிரைண்டிங் வீலைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். யூடியூப் வழியாக வந்தவர்களின் சராசரி 50 நொடி.

மச்சான் பையன் கட்சி: ஒன்பது பெரிதா, நாலு பெரிதா?

இந்தச் சண்டையை யூடியூப் நிறுவனமே ஒரு காலத்தில் தனக்குள் போட்டுத் தீர்த்தது. 2012 வரை அங்கே பரிந்துரை பெரும்பாலும் வியூஸை, அதாவது கிளிக்கைச் சுற்றியே இருந்தது. அதனால் பொய்யான தம்ப்நெயில் போட்டவர்கள் மேலே வந்தார்கள். அந்த ஆண்டு பார்வை நேரத்தை மையமாக வைத்து மாற்றினார்கள். 2016-இல் கூகிளைச் சேர்ந்த பால் கோவிங்டன், ஜே ஆடம்ஸ், எம்ரே சார்ஜின் மூவரும் யூடியூபின் பரிந்துரை அமைப்பைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பரிந்துரை முறைகளுக்கான ரெக்சிஸ் மாநாட்டில் வந்தது. இந்தத் துறையில் பலரும் எடுத்துப் பேசும் கட்டுரை. அதில் அவர்கள் வெளிப்படையாகச் சொல்வது, கிளிக் விகிதத்தை வைத்து வரிசைப்படுத்தினால் பார்வையாளர் முழுதாகப் பார்க்காத ஏமாற்று வீடியோக்கள்தான் மேலே வரும் என்பது. அதனால் அவர்களுடைய மாடல் கணிக்க முயன்றது வேறொன்றை: ஒரு இம்ப்ரெஷனுக்கு எதிர்பார்க்கக்கூடிய பார்வை நேரம்.

அதைச் செய்த விதமும் அழகானது. ஒரு வீடியோவைக் காட்டினால் கிளிக் செய்வாரா மாட்டாரா என்று கற்றுக்கொள்ளும் சாதாரண மாடல்தான். ஆனால் பயிற்சி கொடுக்கும்போது ஒவ்வொரு கிளிக்குக்கும் அவர் பார்த்த நேரத்தின் அளவுக்கு எடை போட்டார்கள். கிளிக் செய்யாமல் போன இம்ப்ரெஷனுக்கு எடை ஒன்று. பத்து நிமிடம் பார்த்த கிளிக்கை மாடல் பெரிதாக எண்ணும், பத்து நொடியில் ஓடிய கிளிக்கைச் சிறிதாக எண்ணும். பிறகு யூடியூப் பார்வையாளர் கருத்துக்கணிப்பு, லைக், டிஸ்லைக், 'ஆர்வமில்லை' என்ற பொத்தான் என்று திருப்தியை அளக்கும் வேறு பல குறிகளையும் சேர்த்துக்கொண்டது. ஆகவே இன்று இது ஒன்றே எல்லாமும் அல்ல. ஆனாலும் சேனல் நடத்துகிறவர் தன் இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க இதைவிடத் தெளிவான கணக்கு கிடையாது.

```
ஒரு இம்ப்ரெஷனுக்குக் கிடைக்கும் நொடி
   = சி.டி.ஆர். × (இம்ப்ரெஷன் வழி வந்தவர்களின் சராசரி பார்வை நேரம்)

மரை வெட்டும் வீடியோ  : 4% × 230 = 9.2 நொடி
டிரில் பிட் வீடியோ   : 9% × 50  = 4.5 நொடி
```

இதில் நேரத்தை எடுக்கும்போது மொத்தச் சராசரியான 92 நொடியை எடுக்கக்கூடாது. எடுத்தால் முதல் வீடியோவுக்கு 3.7 வந்து, தோற்றது போலத் தெரியும். பழைய தப்பையே வேறு வழியில் செய்ததாகிவிடும். வீடியோவின் Reach பக்கத்தில் Impressions and how they led to watch time என்று ஒரு புனல் படம் இருக்கும். மேலே இம்ப்ரெஷன், நடுவில் அதிலிருந்து வந்த வியூஸ், கீழே அந்த வியூஸ் தந்த பார்வை நேரம். கூட்டத்தைக் கலக்காமல் காட்டும் இடம் அது. நானாக இருந்தால் வாரம் ஒருமுறை அதை மட்டும் திறப்பேன்.

இரண்டு வீடியோவுக்கும் 10,000 இம்ப்ரெஷன் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். டிரில் பிட்டுக்கு 900 வியூஸ், மரைக்கு 400 வியூஸ். பார்வை நேரத்தில் பார்த்தால் டிரில் பிட் 12.5 மணி, மரை 25.6 மணி. 4,000 மணி நேரத்தை எட்ட முதல் வகை வீடியோக்களுக்குப் பதினைந்தரை லட்சத்துக்குச் சற்று மேல் இம்ப்ரெஷன் போதும். இரண்டாம் வகைக்கு 32 லட்சம் வேண்டும். அதுவும் பாதியில் ஓடுகிற வீடியோவுக்கு யூடியூப் அவ்வளவு இம்ப்ரெஷன் கொடுத்தால்.

மச்சான் பையன் சும்மா இருக்கவில்லை. "அப்ப தம்ப்நெயில் சுமாரா இருந்தா போதுமா மாமா?" என்று அண்ணனைக் கேட்டான். நியாயமான கேள்வி. பெருக்கல் என்பதால் இரண்டு பக்கமும் உதவும். மரை வீடியோவின் தம்ப்நெயில் இருட்டில் எடுத்த மொத்த லேத். போனில் பெருவிரல் அளவில் பார்த்தால் அது லேத்தா கரும்பு மிஷினா என்றே தெரியாது. வெட்டிய மரையை, பக்கத்தில் வீணாய்ப்போன மரையோடு, பக்கவாட்டு வெளிச்சத்தில் க்ளோஸப்பாக எடுத்துப் போட்டால் அதே ஆள்தான் வருவான், கொஞ்சம் அதிகமாக வருவான். உள்ளே இருப்பதையே வெளியே காட்டுவதால் நேரம் குறையாது. 4 சதவீதம் 5 ஆனால், 230 நொடி அப்படியே இருந்தால், 9.2 நொடி 11.5 ஆகும். டிரில் பிட் வீடியோவில் அவன் செய்தது சி.டி.ஆரை உயர்த்தி நேரத்தைக் கெடுத்தது. யூடியூப் 2024-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட தம்ப்நெயில் ஒப்பீட்டு வசதியில் மூன்று படங்கள் வரை போட்டுச் சோதிக்கலாம். அங்கேயும் எது அதிகக் கிளிக் வாங்கியது என்று பார்ப்பதில்லை, எதற்குப் பார்வை நேரப் பங்கு அதிகம் என்றுதான் ஜெயித்ததை முடிவு செய்கிறார்கள்.

நேரத்தின் பக்கம் வேலை செய்ய ரிடென்ஷன் கோட்டைப் பார்க்க வேண்டும். சராசரி எவ்வளவு என்று ஒரு எண் சொல்லும், எங்கே போனார்கள் என்று இந்தக் கோடு சொல்லும். அண்ணன் வீடியோவில் ஐம்பதாவது நொடிக்குள் பாதிப் பேருக்கு மேல் காலி. அதில் பெரும்பகுதி குரூப் ஆட்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஐம்பது நொடியில் என்ன இருக்கிறது? சுழலும் லோகோ, நாதஸ்வரம், "வணக்கம் நண்பர்களே", பட்டறையைச் சுற்றிக் காட்டுதல். மரை வெட்டத் தேடி வந்தவனும் இதைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கிறது.

கோட்டில் இன்னொரு இடம் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. ஆறாவது நிமிடத்துக்குப் பிறகு இறங்கிக்கொண்டே வந்த கோடு சின்னதாக ஒரு மேடு ஏறுகிறது. மேடு என்றால் பின்னால் தள்ளித் திரும்பப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே அண்ணன் சொல்வது, எம் 20 போல்ட்டுக்கு 2.5 பிட்ச் மரை, அவருடைய லேத்தின் லீட் ஸ்க்ரூ 6 மில்லி, 6 என்பது 2.5-இன் மடங்கில் வராது, அதனால் ஒவ்வொரு கட்டுக்கும் ஹாஃப் நட்டை நினைத்த இடத்தில் திறந்து மூடினால் மரை இரட்டை விழுந்து ஜாப் வீணாகும். மூடியே வைத்து மிஷினை ரிவர்ஸில் ஓட்டித் திரும்பி வரணும் என்று செய்தே காட்டுகிறார். ஐ.டி.ஐ. புத்தகத்தில் இது ஒரு வரியாகக் கடந்து போயிருக்கும். பையன்கள் மிஷினில் நின்று ஜாப்பைக் கெடுத்த பிறகுதான் இதைத் தேடி வருகிறார்கள். இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று அண்ணன் போட்ட திட்டத்தில் முதலில் வெட்டுப்பட்டிருக்கப்போவது இந்த இடம்தான்.

அந்த இரண்டு நிமிட யோசனையிலும் ஒரு கண்கட்டு இருக்கிறது. இரண்டு நிமிட வீடியோவை ஒன்றரை நிமிடம் பார்த்தால் 75 சதவீதம் பார்த்தார்கள் என்று ஸ்டுடியோ பெருமையாகக் காட்டும். 11:40-இல் 3:50 என்றால் 33 சதவீதம்தான். ஆனால் ஒருவர் உங்களுக்குக் கொடுத்த நேரம் 90 நொடியா, 230 நொடியா? நீளம் வேறு வேறான வீடியோக்களைச் சதவீதத்தால் ஒப்பிடவே கூடாது. ஷார்ட்ஸ் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நாற்பது நொடி ஷார்ட்ஸும் பன்னிரண்டு நிமிட வீடியோவும் கலந்த சேனலின் மொத்தச் சராசரி எதற்கும் உதவாது. ஷார்ட்ஸ் ஃபீடில் தம்ப்நெயிலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கமே இல்லை, தானாக வந்து ஓடும், பிடிக்காவிட்டால் தள்ளுவார்கள், ஆகவே சி.டி.ஆர். என்ற பேச்சே அங்கே பொருந்தாது. ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் 4,000 மணியிலும் சேராது.

கடைசியில் டெலீட் செய்யவில்லை. ஸ்டுடியோவின் எடிட்டரில் முதல் நாற்பது நொடியை மட்டும் வெட்டினோம். வீடியோவின் முகவரி அதேதான், வியூஸும் மணி நேரமும் அப்படியே இருக்கும். "வெட்டியாச்சுல்ல, இனி சராசரி ஏறுமா?" என்று கேட்டார். ஏறாமலும் போகலாம் என்றேன். முழுதாகப் பார்க்கிறவனுக்கும் இப்போது நாற்பது நொடி குறைவுதானே. பார்க்க வேண்டியது முப்பதாவது நொடியில் எத்தனை சதவீதம் பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்பது. ரிடென்ஷன் படத்துக்குப் பக்கத்திலேயே அதைத் தனியாக எழுதிக் காட்டுவார்கள். வெட்டிய தேதிக்கு முன், பின் என்று பிரித்து, இரண்டிலும் நூறு நூற்றைம்பது வியூஸாவது சேர்ந்த பிறகு பார்க்கச் சொன்னேன்.

டிரில் பிட் வீடியோவுக்குத் தம்ப்நெயிலை மாற்ற மச்சான் பையனை அப்போதே உட்கார வைத்தார். சரியாகத் தீட்டிய முனையையும் ஒரு பக்கம் சாய்ந்த முனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் அவனே படம் எடுத்தான். நன்றாகவே எடுத்தான்.

கிளம்பும்போது வாசல் வரை வந்து அண்ணன் கேட்டார். "அப்ப குரூப்ல போடறத நிறுத்திடவா?"

"போடுங்கண்ணா. சிப்காட் பசங்க குரூப்ல கண்டிப்பா போடுங்க, அவனுங்களுக்கு வேணும். பாக்கும்போது மட்டும் External-அ தனியா எடுத்து வெச்சுட்டுப் பாருங்க."

"கோயில் குரூப்பு?"

"அது உங்க இஷ்டம்."

"போட்டுத்தான் ஆகணும்பா. போடலனா ஏன் போடலனு கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கப் போனார்.